ஒரே படம், ரெண்டு கீசர்: கேள்வி பதில்

ஊட்டி: அண்ணா, 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர். ஆன்லைனில் ரெண்டு இடத்தில் அதே கம்பெனி, அதே படம், விலை மட்டும் வேற. குறைஞ்சதையே வாங்கிடலாமா?

பொறுங்க. வெளி மூடியை ஒரே அச்சில் வார்த்து பல மாடலுக்குப் போடுவார்கள், படமும் ஒன்றையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற காயில் 3 கிலோவாட்டா 4.5 கிலோவாட்டா என்பது படத்தில் தெரியவே தெரியாது, ஆனால் நமக்கு அதுதான் முக்கியம். நம்ம பக்கம் குளிர்கால விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வையுங்கள். அதை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 3 கிலோவாட் காயிலால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் முடியும், 20 லிட்டர் வாளி நிரம்ப 13 நிமிடம் ஆகும். 4.5 என்றால் 9 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சென்னையில் தண்ணீரே 27 டிகிரியில் வரும், அங்கே 3 தாராளம். அதனால் அங்கிருந்து எழுதுகிற விமர்சனத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

குன்னூர்: மாடல் நம்பரில் கடைசி எழுத்து கலர்தானே சார்? அதை விட்டுட்டுப் பார்த்தா போதும்.

சில கம்பெனியில் அப்படித்தான். வேறு கம்பெனியில் அதே இடத்தில் வாட்டேஜ் வரும். முழு நம்பரையும் ஒப்பிடுங்கள், அப்புறம் விவரப் பட்டியலில் வாட், எவ்வளவு தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்கிற ‘பார்’ அளவு, ரெண்டையும் பாருங்கள்.

கோத்தகிரி: எங்க வீட்டில் பழைய 3 கிலோவாட் போயிடுச்சு. பார்க்க அதே மாதிரி இருந்த 4.5 வாங்கி அதே பிளக்கில் போட்டோம். இப்ப பிளக் சுடுது, கருகின வாசனை வருது அண்ணா.

உடனே மெயினை நிறுத்துங்க, இனி அந்தப் பிளக்கில் போடவே வேண்டாம். 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும், அதை 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 4.5 கிட்டத்தட்ட 20 ஆம்பியர். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 4 சதுர மி.மீ. செம்பு வயர் தனியாக இழுத்து, 25 ஆம்பியர் எம்சிபி போட்டு, பிளக் இல்லாமல் நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கருகின சாக்கெட்டையும் மாற்றணும்.

குன்னூர்: எத்தனை ஸ்டார் பார்த்து வாங்கணும்?

இன்ஸ்டன்ட் கீசருக்கு ஸ்டார் கிடையாது. நீங்கள் 15, 25 லிட்டர் ஸ்டோரேஜ் வாங்குவதாக இருந்தால் பாருங்கள், அங்கேயும் 4 ஸ்டாரும் 5 ஸ்டாரும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும்.

கூடலூர்: மாடல் நம்பரும் ஒண்ணுதான். ஒரு கடை 6.5 பார்னு போட்டிருக்கு, இன்னொண்ணு 8 பார். எதை நம்ப?

இங்கிருந்து சொல்ல முடியாது. யாரோ தப்பாக ஏற்றியிருக்கலாம், ஒன்று பழைய சரக்காகவும் இருக்கலாம். கீசர் உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயாரித்த மாதமும் அதில் இருக்கும். அனுப்ப மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வருகிற வீடு என்றால் கவலை வேண்டாம், 10 மீட்டர் உயரத்துக்கே 1 பார்தான். பிரஷர் பம்ப் வைத்திருந்தால் மட்டும் 8 எடுங்கள்.