தனி வாக்கியத்தைத் தொடர் வாக்கியமாகவும் கலவை வாக்கியமாகவும் மாற்றும்போது பொருள் மாறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் முற்றுவினையைத் தேடுங்கள். வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை அது. ஒரு செய்தியை ஒரே முற்றுவினையோடு சொன்னால் தனி வாக்கியம்:

கனமழை காரணமாகப் பேருந்து தாமதமாக வந்தது.

'கனமழை' வெறும் பெயர்ச்சொல். அதற்கு ஒரு முற்றுவினை கொடுத்தால் தொடர் வாக்கியம்:

கனமழை பெய்தது, அதனால் பேருந்து தாமதமாக வந்தது.

இரண்டு பாதியும் தனித்து நிற்கும். முதல் பாதியின் முற்றுவினையை, வாக்கியத்தை முடிக்காத வடிவமாக மாற்றினால் கலவை வாக்கியம்:

கனமழை பெய்ததால் பேருந்து தாமதமாக வந்தது.

'கனமழை பெய்ததால்' தனியே நிற்காது, அடுத்த பாதியில் சாய்ந்துகொள்ளும்.

மூன்றிலும் மாறாதது காரணம் என்ற உறவு. 'காரணமாக', 'அதனால்', '-ததால்' என்று அது வேடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். 100 ரூபாய்த் தாளை இரண்டு 50 ஆக மாற்றுவது போல: தாள்கள் மாறலாம், தொகை குறையக்கூடாது.

பெரும்பாலும் தவறு நடப்பது இந்த உறவில்தான். 'பெய்ததால்' என்பதில் ஒரு 'த' விட்டுப்போனால் 'பெய்தால்' ஆகிவிடும். நடந்த காரணம் இன்னும் நடக்காத நிபந்தனையாகிவிடும். 'பெய்தபோது' என்று எழுதினால் காரணம் போய் நேரம் மட்டும் மிஞ்சும். எனவே மாற்றி எழுதியபின் 'பேருந்து ஏன் தாமதம்?' என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வடிவமும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

நீளமாக இருந்தாலே கலவை வாக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள்; 'நெல்லும் சோளமும் கம்பும் கேழ்வரகும் தினையும் எங்கள் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும்' என்பது எவ்வளவு நீண்டாலும் தனி வாக்கியம்தான், அதில் இருப்பது ஒரே வினை.