காகிதத்தை மடித்துக் காட்டியும் என் ஆறு வயது மகனுக்கு அரை, கால் புரியவில்லை. எப்படிச் சொல்லித் தருவது?

"நீளத் தாளை மடித்துக் காட்டும்போது தலையைத் தலையை ஆட்டுகிறான். 'இதில் கால் எது?' என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான்."

அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 19 வருஷமாக எடுக்கிறேன். வகுப்பில் நாற்பது முகம் ஒரே நேரத்தில் அப்படிப் பார்த்ததுண்டு. தப்பு என் மேல்தான் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு ஆறேழு வருஷம் ஆனது.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், சாயங்காலம் அரைமணி நேரம் உட்காருகிறீர்கள், அவனுக்கும் தூக்கம் வருகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "இதெல்லாம் யூடியூப்பிலேயே இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள். இருக்கட்டும். வீடியோவில் மடிக்கிற கை பெரியவர் கை.

முதலில் நான் பண்ணின கூத்தைச் சொல்கிறேன். "கால்" என்றதும் பிள்ளைகள் தங்கள் காலைக் குனிந்து பார்த்துச் சிரிப்பார்கள். சரி, அதையே பிடித்துக்கொள்வோம் என்று ஒரு வருஷம், "மாட்டுக்கு எத்தனை கால்? நாலு. நாலு கால் சேர்ந்தால்தான் முழு மாடு. அதே மாதிரி நாலு கால் சேர்ந்தால் ஒரு முழுசு" என்றேன். வகுப்பே கைதட்டியது, எனக்கும் பெருமை. மறுநாள் "ஒரு முழுத் தாளில் எத்தனை கால்?" என்று கேட்டேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "மாட்டுத் தாளா, எறும்புத் தாளா மிஸ்? எறும்புக்கு ஆறு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான்தான் நாலு என்ற எண்ணை மட்டும் கொடுத்து, நாலும் சமமாக இருக்க வேண்டும் என்பதைக் கொடுக்காமல் விட்டுவிட்டேன்.

உங்கள் மகனிடமும் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டில் நாமே "பெரிய பாதி தம்பிக்கு, சின்னப் பாதி உனக்கு" என்கிறோம். அவன் காதில் பாதி என்றால் ரெண்டு துண்டு, அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வது இது. ஏ4 தாளை நீளவாக்கில் 3 செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் ஒரே நீளத்தில் 7 துண்டு கிடைக்கும். வட்டத் தாள் வேண்டாம். வட்டத்தை மடித்தால் விளிம்பு சேர்ந்ததா என்று அந்த வயதுக் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. நீளத் துண்டில் முனைக்கு முனை சேர்ந்ததா இல்லையா, அதை மட்டும் பார்த்தால் போதும். பழைய நாட்காட்டியின் வழவழப்புத் தாளும் வேண்டாம், வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு துண்டை மடிக்காமல் தரையில் வைத்துவிடுங்கள். அதுதான் முழுசு, கடைசிவரை அது அங்கேயே கிடக்கட்டும். இன்னொன்றை அவனிடம் கொடுங்கள். பெரும்பாலும் கண்மட்டத்தில் நடுவை அழுத்திவிட்டு அப்புறம்தான் முனையைப் பார்ப்பான், ஒரு முனை பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதலில் ரெண்டு முனையையும் சேர்த்து இடது கையால் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு வலது கை விரலை மடிப்புப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய், கடைசியில் நகத்தால் தேய்க்க வேண்டும். "ரெண்டு முனையும் முத்தம் கொடுத்துக்கட்டும், அப்புறம் அழுத்து" என்பது என் வகுப்பு மந்திரம்.

கத்தரிக்கோலை ஒளித்து வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண், நீட்டிக்கொண்டிருந்த பல்லைக் கச்சிதமாக நறுக்கிவிட்டு, "சமமாயிடுச்சு மிஸ்" என்று கொண்டுவந்து காட்டினாள். ரெண்டும் சமம்தான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. தரையில் இருந்த முழுசின் மேல் அவள் துண்டை விரித்து வைக்கச் சொன்னேன். ஒரு விரல்கடை குறைந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவள், "இது வேற முழுசோட பாதி" என்றாள். முழுசைத் தரையில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பாதி நிலைத்த பிறகு "பாதியில் பாதி" என்று சொல்லியே மடிக்க வையுங்கள். "கால்" என்ற பெயர் கடைசியில் வரட்டும், கடையில் கேட்கிற கால் கிலோவோடு சேர்த்து. ரெண்டாம் முறை மடித்ததும் உடனே விரிக்க விடாதீர்கள். விரித்ததும் பிள்ளைகள் மடிப்புக் கோட்டை எண்ணுவார்கள். கோடு மூன்றுதான் இருக்கும், "மூணு" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். மடித்தபடியே ஓரத்தில் தாள் எத்தனை அடுக்கு என்று விரல் நுனியால் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். நாலு அடுக்கு, அப்படியென்றால் நாலு பாகம். பிறகு விரித்தால் கோட்டை விட்டுவிட்டுப் பாகத்தை எண்ணுவான்.

இதுவரை எல்லாப் பிள்ளையும் வந்துவிடும், பெற்றோரும் "புரிந்துவிட்டது" என்று எழுந்துவிடுவார்கள். தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள். புதுத் துண்டு ஒன்றை எடுத்து அவன் பார்க்காதபோது பாதியாக மடித்து விரியுங்கள். இடது முனையை மட்டும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து மறுபடி விரியுங்கள். இப்போது சின்னது ரெண்டு, பெரியது ஒன்று என்று மூன்று பாகம் இருக்கும். சின்னதைத் தொட்டுக் காட்டி, "இது எவ்வளவு?" என்று கேளுங்கள்.

"மூணில் ஒண்ணு" என்று சொன்னால் அவன் இன்னும் துண்டைத்தான் எண்ணுகிறான். திருத்த வேண்டாம். அந்தச் சின்னப் பாகத்தின் அளவுக்கு ஒரு துண்டு கிழித்து அவன் கையில் கொடுத்து, முழுசின் மேல் எத்தனை தடவை வைக்கலாம் என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலு தடவை போகும். அவன் கண்ணெதிரே இருப்பது மூன்று பாகம், கை சொல்வது நாலு. அந்த இடத்தில் கொஞ்சம் திணறுவான். திணறட்டும், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். என் வகுப்பில் ஒருவன் ரெண்டு நாள் அந்தத் துண்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். மூன்றாம் நாள் வந்து, பெரிய பாகத்தின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்க மடிக்க மறந்துட்டீங்க மிஸ்" என்றான். அதற்குமேல் அவனுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

½, ¼ என்று எழுதிக் காட்டுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நாலு ரெண்டைவிடப் பெரிது என்று போன மாதம்தான் படித்திருப்பான். கீழே நாலைப் பார்த்தால் காலைப் பெரியது என்றுதான் சொல்வான்.

இனி சொல்வது கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது. மனசில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். ஒரு தடவை வகுப்பைப் பார்வையிட ஒருவர் வந்தார். எல்லாரும் குறுக்கே மடிக்க, ஒரு பெண் மட்டும் துண்டை நீளவாக்கில், நாடா மாதிரி ஒல்லியாக மடித்திருந்தாள். அவர் அதை வாங்கி, "தப்பு, பக்கத்துல இருக்கிறவளைப் பாத்து மடி" என்றார். குழந்தை முகம் சுருங்கிவிட்டது. நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அவர் போன பிறகு அவளுடைய ஒல்லிப் பாதியை வெட்டி எடுத்து, அதைக் குறுக்கே ரெண்டாக வெட்டிப் பக்கம் பக்கமாக வைத்தோம். பக்கத்துப் பெண்ணின் குட்டைப் பாதி மேல் அப்படியே பொருந்தியது. ஆனால் அது பார்வையாளர் குறிப்பில் ஏறவில்லை. ஏறியது "ஆசிரியர் மாணவர் பிழையைத் திருத்தவில்லை" என்பதுதான். அந்தத் தாள் கட்டு என் சொந்தக் காசில் வாங்கியது, வகுப்பு நடக்கும்போதே போட்டோ எடுத்து குரூப்பில் போடச் சொன்னார்கள் என்பதையெல்லாம் ஆரம்பித்தால் இன்னொரு பதில் எழுத வேண்டும். நல்ல பார்வையாளர்களும் வந்திருக்கிறார்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மகன் நீளவாக்கில் மடித்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கால் நிலைத்துவிட்டால் மூன்றாவது மடிப்பு. மடிக்கும் முன்னால் எத்தனை பாகம் வரும் என்று கேளுங்கள். ரெண்டு, நாலு, அடுத்து ஆறு என்பான். அடுக்கை எண்ணினால் எட்டு. ஒவ்வொரு மடிப்பும் இருக்கிற எல்லா அடுக்கையும் சேர்த்து மடிப்பதால் பாகம் இரட்டிப்பாகிறது. இங்கே தமிழ் நமக்கு உதவுகிறது. எட்டில் ஒன்றுக்கு நம் பெயர் அரைக்கால், காலில் அரை. மடித்த கதை பெயரிலேயே இருக்கிறது. மூன்று சமபாகம் இந்த வழியில் வராது, பாதி பாதியாக எவ்வளவு மடித்தாலும் மூன்று கிடைக்காது. அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் அரைக்கால் சொல்லிக்கொடுத்த மறுநாள் ஒரு பையன் ஓடி வந்தான். "அதுலயும் பாதின்னா வீசமாம் மிஸ், எங்க அப்பாயி சொன்னாங்க." பதினாறில் ஒன்று, சரிதான். உடனே மடித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றான். எட்டு அடுக்கை நாலாவது முறை மடிப்பது அந்தச் சின்னக் கைக்கு லேசில்லை. முழங்கையை ஊன்றி அழுத்தினான். விரித்தால் ஒவ்வொன்றும் ரெண்டு செ.மீ.கூட இல்லை, மடிப்பில் வெளிப்புறம் இருந்த பாகங்கள் பெருத்தும் உள்ளே இருந்தவை சிறுத்தும் கோணல்மாணலாக இருந்தன. பதினாறையும் விரல் வைத்து எண்ணினான், சரியாக இருந்தது. நான் "சபாஷ்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுகூட வீசம் இல்ல மிஸ். எல்லாம் வேற வேற சைஸ்" என்று சொல்லி, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.