ரெசியூமேயில் ப்ராஜெக்டுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்குத் தெரிந்த 27 தொழில்நுட்பங்களையும் ரெசியூமேயின் மேற்பகுதியில் கட்டங்களாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சதவீதப் பட்டை வரைந்திருக்கிறேன். சரியா?

சரியில்லை. ஜாவாவில் 80 சதவீதம் என்றால் எதில் 80 என்பதை நீங்களே சொல்ல முடியாது. பட்டைகளை எடுத்துவிட்டு, மொழிகள், ஃப்ரேம்வொர்க்குகள், தரவுத்தளங்கள் என மூன்று வரிகளில் 10, 12 பெயர்களை மட்டும் வையுங்கள். எந்தப் பெயரைத் தொட்டுக் கேட்டாலும் பத்து நிமிடம் பேச முடியுமா என்பதே அளவுகோல். மற்றவற்றை, அவற்றைப் பயன்படுத்திய ப்ராஜெக்டின் கீழே எழுதினால் போதும். அங்கும் மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இணைப்பின் முழு முகவரியையும் எழுத வேண்டுமா?

`https://` இல்லாமல் `github.com/பயனர்பெயர்/ரெப்போ` என்ற வடிவில் எழுதி, அதையே சொடுக்கக்கூடியதாகவும் வையுங்கள். அச்செடுத்துப் படிப்பவருக்கும் அது பயன்படும். சுருக்கிய முகவரிகள் வேண்டாம். எங்கே போகிறது என்று தெரியாத இணைப்பை யாரும் சொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: ஐந்து ப்ராஜெக்டுகளுக்கும் ரெப்போ இணைப்பு கொடுத்தும் யாரும் அழைக்கவில்லை. இணைப்பு கொடுப்பதால் பயனே இல்லையா?

கேள்வியோடு ரெசியூமேயையும் அனுப்பியிருந்ததால் ஐந்தையும் திறந்து பார்த்தேன். இரண்டு `404` காட்டின. அவை பிரைவேட் ரெப்போக்கள். உள்நுழைந்திருக்கும் உங்களுக்குத் திறக்கும், மற்றவர்களுக்கு அப்படி ஒரு பக்கமே இல்லை என்றுதான் வரும். அனுப்புவதற்கு முன் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒவ்வோர் இணைப்பையும் சொடுக்கிப் பாருங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல், இணைப்பையே குறை சொல்வது நியாயமில்லை.

மூன்றாவதில் `README.md` கோப்பே இல்லை. ரெப்போவைத் திறப்பவர் முதலில் காண்பது கோப்புப் பட்டியலும் கடைசி கமிட்டின் செய்தியும்தான்; உங்களுடையதில் அது `final final 2` என்று இருக்கிறது. நான்காவதில் கடவுச்சொற்கள் அடங்கிய `.env` கோப்பு எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது. அதை இப்போது நீக்கினாலும் பழைய கமிட்டுகளில் அப்படியே இருக்கும். ஆகவே முதலில் அந்தச் சாவிகளைச் செல்லாததாக்கிப் புதியவை வாங்குங்கள். பிறகு வேறு ரெப்போக்களிலும் இப்படி நடந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றின் மூலக் கோப்புறையிலும் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
git log --all --oneline -- .env
```

ஒரு வரி வந்தாலும் கோப்பு எப்போதோ உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

ஐந்தாவது, நூலக இரவல் செயலி, உண்மையிலேயே நல்ல வேலை. ஆனால் ரெசியூமேயில் அதைப் பற்றி இருப்பது, "ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரியாக்ட், டாக்கர், ரெடிஸ் கொண்டு உருவாக்கிய முழுமையான வலைச்செயலி" என்ற ஒரே வரி. செயலி என்ன செய்கிறது என்பதே அதில் இல்லை. ரெடிஸோ, அமைப்புக் கோப்பில் பெயராக மட்டும் இருக்கிறதே தவிர, நிரலில் எங்கும் அழைக்கப்படவில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "நூலகப் புத்தக இரவல் செயலி. கடைசிப் பிரதியை இருவர் ஒரே நேரத்தில் கேட்டாலும் ஒருவருக்கே பதிவாகும்படி, தரவுத்தள வரிசையைப் பூட்டிக் கையாண்டது. இதற்கான சோதனைகளும் உண்டு. ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரியாக்ட்." இதன் கீழே ஓர் இணைப்பு. படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி பிறக்கும், அதற்கு உங்களிடம் பதிலும் இருக்கும்.

இதை முதலில் வைத்து, ரீட்மி எழுதியபின் மூன்றாவதை அடுத்து வையுங்கள். மற்ற மூன்றையும் இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். திறக்காத இணைப்பைவிட இணைப்பில்லாத வரியே மேல்.

கேள்வி: அலுவலக ப்ராஜெக்டுகளின் நிரலைக் காட்ட முடியாது. என்ன செய்வது?

இணைப்பே வேண்டாம். என்ன சிக்கல், அதில் உங்கள் பங்கு எது, விளைவு என்ன என்று, நிறுவனத்தின் உள்விவரங்களைத் தவிர்த்து இரண்டு வரிகள் எழுதுங்கள். காட்டுவதற்காக அந்த நிரலைச் சொந்தக் கணக்கில் நகலெடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேலைக்கே உலை வைக்கும்.

கேள்வி: பயிற்சிக் காணொளியைப் பார்த்துச் செய்த ப்ராஜெக்டைப் போடலாமா?

அதே நிரல் நூறு பேரின் கணக்கில் இருக்கும். நேர்காணல் செய்பவர் அதை ஏற்கனவே பார்த்திருப்பார். நீங்களாகச் சேர்த்த ஓர் அம்சம் இருந்தால் போடலாம். அப்போது அந்த அம்சத்தைப் பற்றி மட்டுமே எழுதுங்கள், மூலம் எது என்பதை ரீட்மியில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: கிட்ஹப் முகப்புப் பக்கத்தின் இணைப்பு மட்டும் போதுமா?

போதாது. பெயருக்குக் கீழே அது இருக்கட்டும், ப்ராஜெக்டின் அருகே அதன் ரெப்போ இணைப்பு தனியாக வேண்டும். முகப்பில் ஆறு ரெப்போக்கள் வரை பின் செய்ய கிட்ஹப் இடம் தருகிறது. ரெசியூமேயில் உள்ள இரண்டு, மூன்றை மட்டும் பின் செய்யுங்கள்.