120 பேரில் 12 பேரைக் கேட்டால் போதுமா?

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு ஊரில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். பட்டியலில் 120 பேர் இருக்கிறார்கள். எத்தனை சதவீதம் பேர் மிதவையில் பாசி வளர்க்க மாறிவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். எந்த மக்கள்தொகைக்கும் பத்து சதவீதம் எடுத்தால் போதும் என்கிறார்கள். 12 பேரைக் கேட்டு எழுதலாமா?

பதில்: 12 பேரை வைத்துச் சதவீதம் எழுத வேண்டாம். என்னிடம் புள்ளியியல் படிக்கும் ஒரு மாணவியும் இந்தப் பத்து சதவீதத்தோடுதான் வந்தாள். அவளுடைய அப்பா தொண்டியில் இறால் வியாபாரி. அதனால் பேச்சை அங்கிருந்து தொடங்கினேன்.

"அப்பா 50 கிலோ இறால் வாங்கும்போது கவுண்ட் எப்படிப் பார்ப்பார்?"

"ஒரு கிலோ நிறுத்து, அதில் எத்தனை இறால் இருக்கிறது என்று எண்ணுவார் சார்."

"500 கிலோ வந்தால்?"

"அப்பவும் ஒரு கிலோதான். பத்து சதவீதம் என்று 50 கிலோவை எண்ணி முடிப்பதற்குள் சரக்கே கெட்டுப்போகும்."

"அப்படியானால் 50 கிலோவில் ஒரு கிலோ இரண்டு சதவீதம், 500 கிலோவில் அதுவே 0.2 சதவீதம். அவர் கணக்கு தப்பாகிறதா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லை சார். எத்தனை இறாலை எண்ணினோம் என்பதுதான் முக்கியம். குவியலில் அது எத்தனை பங்கு என்பது பெரிதில்லை."

"சரி, இப்போது ஆட்களுக்கு வா. 120 பேரில் 12 பேரைக் கேட்கிறாய். ஆறு பேர் மாறிவிட்டோம் என்கிறார்கள். என்ன எழுதுவாய்?"

"50 சதவீதம்."

"அதன் பிழை வரம்பு கிட்டத்தட்ட 27 புள்ளி. உண்மை 23 சதவீதமாகவும் இருக்கலாம், 77 ஆகவும் இருக்கலாம். ஊரில் பாதிக்கு மேல் மாறினார்களா, கால்வாசிகூட மாறவில்லையா என்பதே தெரியாது. அதே பத்து சதவீதத்தை 20,000 பேரில் எடுத்தால் 2,000 பேர். அங்கே வரம்பு வெறும் 2 புள்ளி. ஒரே விதி, ஒரு இடத்தில் பயனில்லை, இன்னொரு இடத்தில் வீண் அலைச்சல்."

"பாடப் புத்தகத்தில் பத்து சதவீதம் என்று இருக்கிறதே சார்?"

"இருக்கிறது, ஆனால் வேறு பொருளில். மாதிரி மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், மொத்த எண்ணிக்கைக்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம் என்பதே அது. அவ்வளவு எடுத்தால் போதும் என்று அது எங்கும் சொல்லவில்லை."

அப்புறம் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 95 சதவீத நம்பிக்கை, 5 புள்ளி பிழை வரம்பு, பதில் பாதிக்குப் பாதி பிரியலாம் என்று வைத்துக்கொண்டால், மிகப் பெரிய மக்கள்தொகைக்கு 384 பேர் வேண்டும். சிறிய ஊருக்கு அதை இப்படிக் குறைக்கலாம்:

```
n = 384 / (1 + 383/N)
```

N என்பது மொத்தப் பேர். 120 பேருக்கு 92 வரும், 2,000 பேருக்கு 323, 20,000 பேருக்கு 377. ஊர் பத்து மடங்கு பெரிதானாலும் மாதிரி 54 பேர்தான் கூடுகிறது. 10 புள்ளி வரை பிழை பரவாயில்லை என்றால் உங்கள் ஊருக்கு 54 பேர் போதும். என்னைக் கேட்டால், 92 பேரைத் தேடிப் போகிறவர் மீதி 28 பேரையும் பார்த்துவிடுவதே மேல். அப்போது மாதிரிப் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக அவள் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "அப்பா மேலே கிடக்கிற இறாலை மட்டும் எடுக்கமாட்டார் சார். பெட்டிக்கு அடியிலும் கைவிட்டு எடுப்பார். ஆட்களில் அதை எப்படிச் செய்வது?"

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் பாசி எடுப்பவர்கள் விடியற்காலையிலேயே கடலுக்குப் போய்விடுவார்கள். அன்று காலை பத்து மணிக்கு நீங்கள் ஊருக்குள் போனால் வீட்டில் இருப்பவர்களில் பலர், கடலுக்குப் போவதை விட்டவர்களாகவே இருப்பார்கள். அவர்களில் 92 பேரைக் கேட்டாலும் மாறியவர்களின் பங்கு கூடுதலாகத்தான் வரும். மேலே சொன்ன வரம்பு இந்தக் கோணலைக் காட்டாது.

எல்லாரையும் பார்க்க முடியாவிட்டால், 120 பெயர்களுக்கும் எண் கொடுத்து, சீட்டுப் போட்டு எடுங்கள். சீட்டில் வந்தவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள். மாலையில் திரும்பப் போங்கள், அப்படியும் கிடைக்காவிட்டால் வேறொரு நாள். மூன்று முறை போயும் பார்க்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள். பார்த்தவர்களிடம் கடைசியாக எப்போது கடலுக்குப் போனார்கள் என்றும் கேளுங்கள். பதில் தந்தவர்களில் பெரும்பாலோர் பல மாதமாகப் போகாதவர்களாகவே இருந்தால், கடலுக்குப் போகிறவர்களைத் தவறவிடுகிறீர்களோ என்று சந்தேகப்பட்டு, போகும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.