காப்பர் டி போட்டபின் ரத்தப்போக்கும் வலியும்: எதுவரை சகஜம்?

*குழந்தைக்கு 4 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். காப்பர் டி போட்டு 9 நாள் ஆகிறது. இன்னும் திட்டுத்திட்டாக ரத்தம் படுகிறது, அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. இது சகஜமா? எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?*

சகஜம்தான், வலியும் ரத்தமும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது என்றால். அடங்கிய வலி திரும்பிவந்து முன்னைவிட அதிகமாக இழுத்தால் நாள் கணக்குப் பார்க்காமல் காட்டிவிடுங்கள்.

காப்பர் டி உள்ளே போனதும் கருப்பை அதை வேற்றுப்பொருளாகவே நடத்துகிறது. உள்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் அதிகமாகச் சுரந்து தசையைச் சுருக்குகிறது, இழுப்பு அதனால்தான். முதல் ஓரிரு நாள் கடுமையாக இருக்கும், பிறகு ஓரிரு வாரம் வந்து வந்து போகும். பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் இழுப்பு கூடினால் பயப்படாதீர்கள். பால் இறங்க வைக்கும் ஆக்சிடோசின் கருப்பையையும் சுருக்கும்.

புரோஸ்டாகிளாண்டினைக் குறைப்பது ஐபுப்ரோஃபென். அதனால் இந்த வலிக்குப் பாராசிட்டமாலைவிட அது நன்றாகக் கேட்கும். 400 மில்லிகிராம் மாத்திரை, சாப்பிட்டபின், 8 மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம். தாய்ப்பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சுத்திணறல் வந்த அனுபவம் இருந்தால் இதைத் தொடாமல் பாராசிட்டமால் போதும் என்று இருந்துவிடுங்கள். ஆஸ்பிரின் ரத்தப்போக்கைக் கூட்டும், அது வேண்டாம்.

திட்டுத்திட்டாகப் படுவது சில வாரம்கூட நீளலாம். உங்களைத் திடுக்கிட வைக்கக்கூடியது அடுத்து வரும் மாதவிடாய்தான். காப்பர் டி போட்ட முதல் 3 முதல் 6 மாதம் தீட்டு வழக்கத்தைவிட ஓரிரு நாள் நீண்டு, அதிகமாகவும் போகும். பிரசவத்துக்குப் பின் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை 180 நாளும் விடாமல் சாப்பிடுங்கள். காபி, டீ, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. மேல்மூச்சு வாங்குவது, படி ஏறினால் படபடப்பு என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

அளவுக்கு மீறிய போக்கு எது? ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே என்றால் அன்றே ஆஸ்பத்திரி. தலைசுற்றல், மயக்கம் சேர்ந்தால் உடனே.

திரும்பி வரும் வலிக்கு முக்கியக் காரணம் காப்பர் டி கீழிறங்குவது. முதல் 3 மாதத்தில், பெரும்பாலும் தீட்டு நாட்களில், இது நடக்கும். நூல் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு தீட்டு முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து, விரலை உள்ளே விடுங்கள். மூக்கு நுனி மாதிரி கெட்டியாகத் தட்டுப்படுவது கருப்பை வாய். அதிலிருந்து மெல்லிய நூல் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் போதும், இழுக்காதீர்கள். நூல் முன்னைவிட நீளமாக இருந்தாலோ, கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்பட்டாலோ அது பாதி வெளியே வந்துவிட்டது. அந்த நிலையில் கருத்தடைக்கு நம்ப முடியாது, ஆணுறை வேண்டும். மாதவிடாய்க் கப் வைப்பவர்கள் அடிப்பாகத்தை அமுக்கிக் காற்றை விட்டபிறகே எடுக்க வேண்டும். வெறுமனே இழுத்தால் காப்பர் டியும் சேர்ந்து வரலாம்.

நூலே கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது உள்ளே சுருண்டிருக்கும். ஆனாலும் ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்ய முடியும். ஸ்கேனில் கருப்பைக்குள் தெரியாவிட்டால் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள், ஏனென்றால் அரிதாக அது கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவதுண்டு. பாலூட்டும் காலத்தில் சுவர் மெலிந்திருப்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். அதனால் 4 முதல் 6 வாரத்தில் வரச்சொன்ன பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

கிருமித்தொற்று வந்தால் முதல் 3 வாரத்திலேயே பெரும்பாலும் வரும். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றை அமுக்கினால் தாங்க முடியாத வலி, உடலுறவில் வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே போங்கள். காப்பர் டியை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்து இரண்டு மூன்று நாளில் குறைந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

தாய்ப்பால் கொடுக்கும்போது தீட்டு வராமல் இருப்பது இயல்பு என்பதால், கர்ப்பமானாலும் உங்களுக்குச் சட்டென்று தெரியாது. குமட்டலோ மார்பக வலியோ தென்பட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் அபூர்வம், ஆனால் தரித்தால் கருக்குழாயில் தரித்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்க அடிவயிற்று வலியோடு மயக்கமோ தோள்பட்டை வலியோ வந்தால் வீட்டில் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.