படிக்கட்டில் இரண்டு படி கூடினால்: ரெவிட் எப்போது தேவை?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் நீங்கள் நடத்தும் வரைபட அலுவலகத்தில், சிவில் டிப்ளமோ முடித்த மகளும் சேரவிருப்பதால், அவரை ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளைப் படிக்க வைத்து ஆண்டுச் சந்தாவும் கட்டலாமா, ஆட்டோகேட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தரைத்தள வீடுகள் மட்டுமே வருகின்றன என்றால் ஆட்டோகேட் போதும். பிளான், ஒரு செக்‌ஷன், முன்பக்க எலிவேஷன் ஆகியவை ஒரே தாளில் அடங்கிவிடும். திருத்தம் வந்தாலும் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கும்.

கீழே கடைகளும் மேலே இரண்டு தளங்களில் வீடுகளும் கொண்ட கட்டடத்தில் கதை வேறு. கடைத் தளத்தின் உயரத்தை 10 அடியிலிருந்து 11 அடியாக்கும்படி உரிமையாளர் பாதியில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படி உயரம் 6 அங்குலம் என்றால் 20 படிகள் 22 ஆகும். இரண்டு வரிசையாகத் திரும்பும் படிக்கட்டில் வரிசைக்கு ஒரு படி கூடி, 10 அங்குலம் நீளும். படிக்கட்டு அறையை நீட்ட இடமில்லையென்றால் 4 அடி லேண்டிங் 3 அடி 2 அங்குலமாகச் சுருங்கிவிடும். ஆட்டோகேடில் பிளான், செக்‌ஷன், எலிவேஷன் ஆகியவை தனித்தனிக் கோடுகள் என்பதால், செக்‌ஷனைத் திருத்தியவர் பிளானை மறந்தால், 11 அடி உயரமும் 20 படிகளும் காட்டும் தாள்கள் மேஸ்திரி கைக்குப் போகும். சென்ட்ரிங் அடிக்கும் நாளில்தான் தவறு தெரியவரும்.

ரெவிட் பின்பற்றுவது பிம் எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறை. அதில் வரைவது ஒரே முப்பரிமாண மாதிரி. தாள்கள் எல்லாம் அதன் பார்வைகள். ரெவிட்டில் தள மட்டத்தை 11 அடியாக மாற்றினால், மேல்தளத்தோடு பிணைத்த சுவர்கள் தாமே உயரும். பிணைக்காமல் உயரத்தை மட்டும் எண்ணாகக் கொடுத்த சுவர்கள் அப்படியே நின்றுவிடும். படிக்கட்டும் தானாகச் சரியாகாது. மேல்தளத்தை எட்டவில்லை என்று எச்சரிக்கை காட்டும். லேண்டிங்கை என்ன செய்வது என்பதை மகள்தான் முடிவு செய்யவேண்டும், ஆனால் அந்தக் கேள்வி சென்ட்ரிங்குக்கு முன்பே, திரையிலேயே எழுந்துவிடும். ரெவிட்டுக்குக் கொடுக்கும் பணம், என் பார்வையில், இதற்குத்தான்.

அதற்கு விலையும் உண்டு. நம் ஊர் ஜன்னல், சன்ஷேட், கைப்பிடிச் சுவர் ஆகியவற்றை ஒருமுறை உருவாக்கி வைக்கும்வரை முதல் இரண்டு மூன்று வேலைகள் ஆட்டோகேடைவிட மெதுவாகவே நடக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது என்பதால், கூட்டாக வேலை செய்யும் பொறியாளரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதியுள்ள கல்வி நிறுவனத்தில் படிக்கும் காலத்தில் மாணவர் உரிமம் இலவசமாகக் கிடைக்கும். அதைக் கொண்டு கட்டண வேலை செய்யக்கூடாது. எனவே நீங்கள் ஏற்கெனவே முடித்த மாடிக் கட்டடம் ஒன்றை மகள் பயிற்சியாக மாதிரியாக்கட்டும். கூடவே, சென்ற ஆண்டு வேலைகளில் இரண்டு தளங்களுக்கு மேற்பட்டவை எத்தனை, அவற்றில் எத்தனை தாள்களை மறுபடி அச்சிட்டீர்கள் என்று கோப்பைப் பார்த்து எண்ணி வையுங்கள். அப்படிப்பட்ட வேலை ஆண்டுக்கு ஒன்றுதான் என்றால் சந்தாவை இந்த ஆண்டு தள்ளிவைக்கலாம்.