கருநீல ஜெர்சியில் மஞ்சள் நம்பர் தெரியவில்லை

“மேலூர் கபடி டீமுக்குக் கருநீல பாலியஸ்டர் டி-ஷர்ட்டில் சப்ளிமேஷன் அடித்தேன். மஞ்சள் நம்பர் தெரியவே இல்லை. சூடு போதவில்லையா?”

சூடு காரணமில்லை, துணியின் நிறம்தான். சப்ளிமேஷன் மை கண்ணாடி மாதிரி. அடியில் உள்ள நிறத்தை மறைக்காது. வெள்ளை மையும் இதில் கிடையாது. வெள்ளைத் துணி எடுத்து, கருநீலத்தையும் சேர்த்தே அச்சடியுங்கள். வெட்டிய துணியில் அடித்துவிட்டு அப்புறம் தையுங்கள். தைத்ததில் அடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும்.

சுமார் 200 டிகிரியில் மை ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். மேலே படலம் இல்லாததால் வலைத்துணியின் ஓட்டைகள் அடைபடாது, வியர்வை காயும், இழுபறியில் அச்சு வெடிக்காது.

வாங்குமுன் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். சாம்பலும் வந்தால் பருத்திக் கலப்பு. அதில் அடித்த அச்சு துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும்.